எதிர்வெளிச்சப் படத்தில் புடவை நிறத்தை மாற்றுவது: ஓரத்தில் கோடு விழாமல், நிழல் கரியாகாமல்

கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்களுக்கு இந்தக் கோரிக்கை எப்படியும் ஒரு நாள் வந்து சேரும். "வெளியே எடுத்த படத்துல பொண்ணு நீலப் புடவை கட்டியிருக்கா. முகூர்த்தப் புடவை அரக்கு. அட்டைப் படத்துல நிறம் ஒத்துப் போகணும், மாத்திடுங்க." சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படமென்றால் பத்து நிமிட வேலை. எனக்கு வந்தது பெசன்ட் நகர் கடற்கரையில் சூரிய உதயத்தில் எடுத்த படம். சூரியன் மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால் நிற்கிறது. மயில்கழுத்து நிறப் புடவை பாதிக்கு மேல் நிழலுருவாகிவிட்டது.

Hue/Saturation போட்டு, ஸ்லைடரை நகர்த்தி, அச்சுக்கு அனுப்பிவிட்டேன். 12x36 தாளில் வந்ததைப் பார்த்த பெண்ணின் அம்மா, "என்ன தம்பி, புடவையில கரி பூசின மாதிரி இருக்கு?" என்று கேட்டார். தோளைச் சுற்றி வானத்தில் சிவப்பாக ஒரு கோடு வேறு. அட்டையை மறுபடி அச்சிட்ட செலவு என் தலையில். அதற்கப்புறம் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன். நான் பயன்படுத்துவது ஃபோட்டோஷாப்.

## 1. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் வாங்க வேண்டியவை

முதலில் ரா ஃபைல். வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக்கில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பெரும்பாலான ஜேபெக் படங்களில் நிறத் தகவல் பாதி அகலம், பாதி உயரத்துக்குச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். இருட்டான துணியில் அது கட்டம் கட்டமாகத் திட்டுகளை மறைத்து வைத்திருக்கும். நிறத்தை மாற்றியதும் அத்தனையும் வெளியே வந்துவிடும்.

இரண்டாவது, எந்த நிறம் வேண்டுமோ அந்தத் துணியின் படம். மர நிழலில் வைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளோடு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "அரக்கு" என்று ஒருவர் சொல்வது இன்னொருவருக்கு வேறு ஏதோ சிவப்பாக இருக்கும்.

மூன்றாவது, ஜாக்கெட்டும் மாற வேண்டுமா, எத்தனை படங்கள் என்பதை வாட்ஸ்அப்பிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதை வாங்காமல் நான் ஒரே படத்தை மூன்று முறை செய்திருக்கிறேன்.

நேரக் கணக்கு: முதல் படத்துக்கு எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. இப்போது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது, அதில் பாதி மாஸ்க் வேலை. ஆகவே விலையைப் படத்துக்கு இவ்வளவு என்று தனியாகப் பேசுங்கள், ஆல்பம் தொகையில் சேர்த்துவிடாதீர்கள். முந்தானை காற்றில் பறக்கும் படத்துக்கு நான் இரட்டிப்பாக வாங்குகிறேன். ஏன் என்பது ஆறாவது படியில் புரியும்.

எந்த நிறத்தை மறுக்க வேண்டும் என்பதும் இங்கேயே தெரிந்திருக்க வேண்டும். அரக்கு, கரும்பச்சை, ஊதா ஆகியவை இருட்டிலும் அதே நிறமாகத் தெரியும். மஞ்சள் அப்படியல்ல. மஞ்சள் வெளிச்சமாக இருந்தால்தான் மஞ்சள். இருட்டில் அது சேற்றுப் பச்சையாகவோ காப்பித்தூள் நிறமாகவோதான் நிற்கும். நிழலுருவப் படத்தில் மஞ்சளோ சந்தனமோ கேட்டால், புடவையை வெளிச்சமாக்கியே ஆக வேண்டும். ஆக்கினால் பின்னாலிருக்கும் சூரியன் பொய்யாகத் தெரியும். முடியாது என்று சொல்லிவிடுவது நல்லது.

## 2. ரா ஃபைலைத் திறக்கும்போதே ஓரத்தைச் சுத்தம் செய்யுங்கள்

ஓரத்தில் ஹாலோ விழுவதற்குப் பாதிக் காரணம் நிற மாற்றமே அல்ல, அதற்கு முன்பே படத்தில் சேர்ந்துவிட்ட கோடுகள். Camera Raw திறந்ததும் Sharpening தானாகவே 40-இல் நிற்கும். அது வானத்துக்கும் தோளுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோட்டையும் கறுப்புக் கோட்டையும் வரைந்துவிடும். அதை 0 ஆக்குங்கள். கூர்மையைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். Clarity, Dehaze இரண்டையும் இந்தக் கட்டத்தில் தொட வேண்டாம்.

அடுத்து Remove Chromatic Aberration-ஐ டிக் செய்து, Defringe-இல் ஊதா விளிம்பை எடுத்துவிடுங்கள். பிரகாசமான வானத்தின் எதிரே இருட்டான தோள் இருந்தால் லென்ஸ் அங்கே ஊதாக் கசிவு விடுவது சகஜம். நீலப் புடவையில் அது கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். புடவை அரக்கானதும் அழுக்கு விளிம்பாக எட்டிப் பார்க்கும்.

Shadows ஸ்லைடரை முழுக்க இழுத்துவிடும் ஆசை வரும். 20, 30-ஐத் தாண்டாதீர்கள். மடிப்பு இருப்பது தெரிந்தால் போதும். Color noise reduction-ஐக் கொஞ்சம் கூட்டி, 16 பிட்டில் திறங்கள். 24 மெகாபிக்ஸல் படம் 16 பிட்டில் லேயர் எதுவும் சேர்க்காமலே சுமார் 144 எம்பி வரும். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் திணறும், வேறு எல்லாவற்றையும் மூடிவிட்டு உட்காருங்கள்.

## 3. மாஸ்க்கைப் படத்திலிருந்தே எடுங்கள்

Select Subject நிழலுருவத்தைத் தெளிவாகப் பிடித்துவிடும். ஆனால் கலைந்த முடியையும் முந்தானைக் குஞ்சத்தையும் கத்தரியால் வெட்டியது போல முடித்துவிடும். எதிர்வெளிச்சப் படத்தில் இதைவிட நல்ல மாஸ்க் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. காலை வானம் ஆரஞ்சாக இருப்பதால் Red சானலில் வானம் வெளேரென்றும், நீலப் புடவை கரியாகவும் தெரியும். அந்தச் சானலைப் பிரதி எடுத்து, Ctrl+I கொடுத்துத் தலைகீழாக்கி, Levels-ஆல் உடலை வெள்ளையாகவும் வானத்தைக் கறுப்பாகவும் தள்ளுங்கள். விளிம்பில் ஓரிரு பிக்ஸல் சாம்பலாக மீதமிருக்கும்படி நிறுத்திவிட வேண்டும். உண்மையான படத்தில் அந்தப் பிக்ஸல் பாதி துணி, பாதி வானம். மாஸ்க்கிலும் அது பாதியாகவே இருந்தால் கோடு விழாது. முழுக்க வெள்ளையாக்கினால் வானத்தின் பங்குக்கும் சேர்த்து அரக்கு பூசிவிடுவோம். என் முதல் படத்தில் வந்த சிவப்புக் கோடு அதுதான்.

புடவைக்கும் கைக்கும், புடவைக்கும் முடிக்கும் இடையே உள்ள எல்லையை இந்தச் சானல் காட்டாது, எல்லாமே இருட்டு. அதைப் பேனா டூலில் கையால்தான் வரைய வேண்டும், ஒரு பிக்ஸல் Feather போதும். காலடியில் ஈர மணல் இருட்டாக இருந்தால் அங்கேயும் பேனாதான். பிறகு சானலைத் தேர்வாக ஏற்றிவிட்டு, பேனா பாதையின் சிறுபடத்தை Ctrl+Alt+Shift அழுத்திக் கிளிக் செய்தால் இரண்டும் பொதுவாக உள்ள பகுதி மட்டும் கிடைக்கும். அதுதான் புடவை மாஸ்க்.

லேயர் பேனலில் ஒரு குரூப் உருவாக்கி, இந்த மாஸ்க்கை அந்தக் குரூப்புக்கே போடுங்கள். குரூப்பின் மோட் Pass Through ஆகவே இருக்கட்டும். புடவை நிறத்தை மாற்றும் லேயர்கள் எல்லாம் அதற்குள்தான்.

## 4. படலத்தைக் கழற்றி, பிறகு மாட்டுங்கள்

பெரும்பாலானவர்கள் தவறவிடும் படி இதுதான். நானும் ஒரு வருடம் தவறவிட்டேன்.

சூரியனைப் பார்த்து எடுத்த படத்தில் லென்ஸுக்குள் சிதறிய வெளிச்சம் படம் முழுக்க ஒரு மெல்லிய ஆரஞ்சுப் படலமாகப் படிந்திருக்கும். அதனால்தான் கன்னங்கரேலென்ற முடிகூடக் கறுப்பாக இருக்காது. Info பேனலைத் திறந்து முடியின் மிக இருட்டான இடத்தில் வைத்துப் பாருங்கள். என் படத்தில் R 41, G 31, B 26 இருந்தது. அந்த வெளிச்சம் முடியினுடையதல்ல, படலத்தினுடையது. புடவையின் மேலும் அதே படலம் இருக்கிறது. அப்படியே நிறத்தை மாற்றினால் படலத்துக்கும் சேர்த்து நிறம் மாறும். பக்கத்தில் முடியும் கையும் இளம் ஆரஞ்சுப் புகையில் மிதக்க, புடவை மட்டும் அந்தக் காற்றுக்கு வெளியே நிற்கும். ஒட்டி வைத்தது போலத் தெரிவது இதனால்தான்.

வழி எளிது. குரூப்புக்குள் அடியில் ஒரு Levels லேயர் போட்டு, Red, Green, Blue ஒவ்வொன்றிலும் இன்புட் கறுப்பு முனையை முடியில் பார்த்த எண்ணைவிடச் சற்றுக் குறைவாக வையுங்கள். நான் வைத்தது 36, 27, 22. குரூப்பின் உச்சியில் இன்னொரு Levels லேயர். அதில் அதே எண்களை அவுட்புட் கறுப்பு முனைக்குக் கொடுங்கள். கீழே உள்ளது படலத்தைக் கழிக்கிறது, மேலே உள்ளது அதே அளவைத் திருப்பிச் சேர்க்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லாதபோது குரூப்பின் கண்ணை அணைத்து ஏற்றிப் பாருங்கள். படத்தில் எந்த மாற்றமும் தெரியக்கூடாது. தெரிந்தால் எண்களில் பிழை, அல்லது முனையை அதிகமாக ஏற்றி ஆழ்ந்த மடிப்புகளை வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சூரியன் இருக்கும் பக்கத்தில் படலம் கனமாக இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் குரூப்பைப் பிரதி எடுத்து, மாஸ்க்கில் இதமான கிரேடியன்ட் கொடுத்துப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். சிறிய வித்தியாசமென்றால் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

## 5. Hue/Saturation வேண்டாம், Gradient Map போடுங்கள்

மடிப்பின் ஆழத்தில் ஒரு பிக்ஸல் 14, 15, 17 என்றும், பக்கத்துப் பிக்ஸல் 15, 14, 17 என்றும் இருக்கிறது என வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு இரண்டும் கறுப்பு. ஆனால் Hue கணக்கில் ஒன்று 220 டிகிரி, மற்றது 260 டிகிரி. ஒரே ஒரு அளவு மாறியதற்கு நிறச் சக்கரத்தில் 40 டிகிரி தாவல். Hue/Saturation இந்தத் தாவலை அப்படியே சுமந்துகொண்டு போய், Saturation-ஐக் கூட்டியதும் சிவப்பும் பச்சையுமான திட்டுகளாகக் கொட்டும். அழுக்கு நிழல் பிறப்பது இங்கேதான்.

Gradient Map பழைய நிறத்தைப் பார்ப்பதே இல்லை. எவ்வளவு வெளிச்சம் என்பதை மட்டும் பார்த்து, அதற்கு நாம் சொன்ன நிறத்தைக் கொடுக்கும். ஆகவே நிறத் திட்டுகள் தொடர வழியில்லை. இரண்டு Levels-க்கும் நடுவே இதைச் சேர்த்து, மோடை Color ஆக்குங்கள். Dither-ஐ டிக் செய்துகொள்ளுங்கள். அரக்குக்கு நான் தொடங்கும் எண்கள் இவை:

```
0%    R 0    G 0    B 0
10%   R 34   G 22   B 22
30%   R 150  G 45   B 42
60%   R 225  G 125  B 95
100%  R 255  G 240  B 215
```

இவற்றில் முக்கியமானது 10% நிறுத்தம். அது கிட்டத்தட்டச் சாம்பல் நிறம், சிவப்பு கொஞ்சம்தான். ஆழ்ந்த மடிப்புக்குள் வெளிச்சமே போகாததால் அங்கே துணிக்கு நிறம் தெரியாது. அந்த இடத்திலும் சிவப்பைக் கொட்டினால் புடவை உள்ளிருந்து அடுப்புக் கங்கு போல ஒளிரும். 60%-க்கு மேல் நிறம் அரக்கிலிருந்து விலகிச் சூரியனின் நிறத்துக்குப் போகிறது. ஓர வெளிச்சத்தில் தெரிவது பெரும்பாலும் சூரியன்தான், துணி கொஞ்சம்தான்.

Multiply மோடை மறந்துவிடுங்கள். ஏற்கெனவே இருட்டாக இருப்பதை அது இன்னும் இருட்டாக்கும். "கரி பூசின மாதிரி" வந்தது அதனால்தான். முதல் முயற்சியில் Hue/Saturation போதவில்லை என்று மேலே ஒரு Multiply லேயரையும் ஏற்றியிருந்தேன். Color மோட் வெளிச்ச அளவை அப்படியே விட்டுவிட்டு நிறத்தை மட்டும் தரும்.

இப்போது ஓரம். Gradient Map லேயரின் பெயருக்கு வலப்பக்கக் காலியிடத்தில் இரட்டைக் கிளிக் செய்து, Blend If-இல் Underlying Layer-இன் வெள்ளை முனையை Alt பிடித்து இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 170 அருகிலும் மற்றதை 215 அருகிலும் வையுங்கள். பிரகாசமான ஓரத்தை நெருங்க நெருங்க நிற மாற்றம் தானாகக் கரைந்துவிடும். மாஸ்க் ஒரு பிக்ஸல் வெளியே போயிருந்தாலும் வானத்தில் கோடு விழாது.

அதன் பிறகும் தோள் ஓரத்தில் அங்கங்கே நீலம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் குரூப்புக்கு மேலே வெற்று லேயர் ஒன்றை Color மோடில் போடுங்கள். முடியின் ஓரத்தில் மின்னும் வெளிச்சத்திலிருந்து நிறத்தை எடுத்து, மெல்லிய பிரஷ், 20% அடர்த்தியில் அந்த இடங்களில் மட்டும் தடவுங்கள். அரக்கு நிறத்தை எடுத்துத் தடவாதீர்கள். அங்கே இருக்க வேண்டியது சூரியனின் நிறம்.

## 6. முந்தானைக்குத் தனி வைத்தியம்

பறக்கும் முந்தானையில் வெளிச்சம் துணியின் மேல் படுவதில்லை, துணிக்குள் புகுந்து வருகிறது. அதனால் அது வெளிச்சமாகவும், நிறம் அடர்ந்தும் இருக்கும். மேலே சொன்ன குரூப்பை அப்படியே போட்டால் முந்தானை ரோஸ் கலராகிவிடும். காரணம் Color மோட் வெளிச்ச அளவை விட்டுக்கொடுக்காது. அவ்வளவு வெளிச்சமான சிவப்பு என்று ஒன்று திரையில் இல்லாததால் வெள்ளையைக் கலந்து சமாளிக்கும்.

வீட்டில் அரக்குத் துணி ஒன்றை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ரோஸாகாது. நெருப்புச் சிவப்பாக, ஆனால் இளநீலத் துணியைவிட இருட்டாகத் தெரியும். அடர்ந்த சாயம் குறைந்த வெளிச்சத்தைத்தான் விடும். ஆகவே முந்தானைக்கு வேறு மாஸ்க், வேறு குரூப், அதற்குள் Gradient Map-க்குக் கீழே ஒரு Curves லேயர். என் படத்தில் முந்தானை சராசரியாக 170 இருந்தது. அதை 105 வரை இறக்கிய பிறகுதான் சிவப்பு சிவப்பாக நின்றது. இந்தக் குரூப்பில் 60% நிறுத்தத்தை இன்னும் ஆரஞ்சாக்குங்கள். Blend If இங்கே வேண்டாம், முந்தானையே வெளிச்சமான பகுதி என்பதால் மாற்றம் முழுக்கக் கரைந்துவிடும். மாஸ்க்கின் வெளிப்புற விளிம்பு மட்டும் மூன்றாவது படியில் சொன்னபடி சாம்பலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருட்டாக்கியதே முந்தானையைச் சுற்றிக் கறுப்புக் கோடாகிவிடும்.

ஜரிகை மாறக்கூடாது. எதிர்வெளிச்சத்தில் அது மின்னும் இடங்கள் கொஞ்சம்தான், மாஸ்க்கில் கறுப்புப் பிரஷை 50% வைத்துத் தொட்டுவிட்டால் போதும்.

## 7. புடவைக்கு வெளியே இருக்கும் புடவை

நீலப் புடவை தன் நீலத்தைப் பக்கத்தில் உள்ளவற்றின் மேலும் எறிந்திருக்கும். தாடையின் அடிப்பகுதி, முழங்கையின் உட்புறம், வளையல் ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெல்லிய நீலச் சாயல் இருந்தால் Color மோட் லேயரில் அருகிலுள்ள தோல் நிறத்தை எடுத்து 15% அடர்த்தியில் தடவுங்கள்.

கடற்கரைப் படமென்றால் ஈர மணலைப் பார்க்க மறக்காதீர்கள். நான் மறந்தேன். மேலே அரக்குப் புடவை, காலடியில் ஈர மணலில் நீலப் புடவையின் பிம்பம். நல்லவேளை, அச்சுக்குப் போகும் முன் படம் எடுத்த நண்பர் பார்த்துவிட்டார்: "அண்ணே, கீழே யாரு நிக்கிறா?"

## 8. கண்ணை நம்பாமல் சோதியுங்கள்

எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Curves லேயர் போட்டு இருட்டுப் பகுதியை முரட்டுத்தனமாகத் தூக்குங்கள். ஒளிந்திருக்கும் திட்டு, மாஸ்க் தாண்டிய இடம், விட்டுப்போன நீலம் எல்லாம் பளிச்சென்று தெரியும். சரிசெய்துவிட்டு அந்த லேயரை அழித்துவிடுங்கள். (ஒருமுறை அழிக்காமலே அனுப்பிவிட்டேன்.)

மடிப்புகளின் ஆழத்தில் Color Sampler வைத்து நாலு இடங்களைக் குறித்துக்கொண்டு, குரூப்பை அணைத்தும் ஏற்றியும் Info எண்களைப் பாருங்கள். R, G, B தனித்தனியாக மாறும், அது சரிதான். ஆனால் மூன்றும் சேர்ந்தே கீழே இறங்கினால் நிழல் நசுங்குகிறது. முந்தானையைத் தவிர வேறெங்கும் அப்படி நடக்கக்கூடாது.

அப்புறம் திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். முழு வெளிச்சத்தில் தெரியும் மடிப்பு அச்சில் தெரியாது. அட்டைத் தாளை அடிக்கும் முன் அதே லேபில், அதே தாள் வகையில் சிறிய அளவில் ஒரு பிரதி போட்டு வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நாள் தாமதமாகும், சின்னச் செலவுதான். மடிப்பு காணாமல் போயிருந்தால் 30% நிறுத்தத்தில் கை வைக்க வேண்டாம். Gradient Map-க்கு மேலே ஒரு Curves போட்டு நடு இருட்டை மட்டும் ஒரு துளி தூக்கினால் போதும்.

## 9. சேமிக்கும்போது

கூர்மையை இப்போது சேர்க்கலாம், ஆனால் தோள் ஓரத்தை மாஸ்க்கால் விட்டுவிடுங்கள். கடைசியில் sRGB, 8 பிட். ஜேபெக்காகச் சேமிக்கும்போது Quality 10-க்குக் குறையாமல் வையுங்கள். 6-க்கோ அதற்குக் கீழேயோ வந்தால் ஃபோட்டோஷாப்பும் நிறத் தகவலைச் சுருக்கிவிடும். வெளிச்சமான வானத்தின் எதிரே அரக்கு விளிம்பு இருக்கும் படத்தில் அந்தச் சுருக்கம் முதலில் கெடுப்பது, நீங்கள் ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்துச் செய்த ஓரத்தைத்தான்.

லேயர்களோடு உள்ள பிஎஸ்டியை ஆல்பம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் வரையாவது அழிக்காதீர்கள். எனக்கு நன்றாக வந்த அந்த இரண்டாவது அட்டையைப் பார்த்துவிட்டு, அதே அம்மா பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். ஜாக்கெட்டை மட்டும் பச்சையாக்க முடியுமா என்று கேட்டார்.